தண்ணீர் பற்றிக் கேட்காத குடித்தனக்காரர்

கேள்வி: ஐயா, எனக்கு 57 வயது. கணவர் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. திருச்சி உறையூரில் சொந்த வீடு. மாடியை வாடகைக்கு விட ஒரு இணையதளத்தில் விளம்பரம் கொடுத்தேன். அதே மாதம் மகளுக்கு வரன் பார்க்க மேட்ரிமோனியிலும் பதிவு செய்தோம். இரண்டிலும் என் ஒரே நம்பர்தான். தினமும் இருபது கால் வருகிறது. முந்தாநாள் ஒருவர், தான் சி.ஐ.எஸ்.எஃப்.பில் இருப்பதாகவும் திருச்சி ஏர்போர்ட்டுக்கு மாற்றல் ஆகியிருப்பதாகவும் சொன்னார். வீட்டைப் பார்க்காமலே அட்வான்ஸ் அனுப்புகிறேன் என்கிறார். வியாழக்கிழமை மறுபடி கூப்பிடுவாராம். இன்னொரு பக்கம், 'பொண்ணு நம்பரைக் கொடுங்க, பையனே பேசட்டும்' என்று ஒரு வீட்டார் விடாமல் கேட்கிறார்கள். பெங்களூரில் இருக்கும் மகள், 'எல்லாத்தையும் எடுத்துடும்மா' என்கிறாள். நம்பர் கொடுக்காமல் வரன் எப்படி வரும், குடித்தனம் எப்படி வரும்?
— உறையூர் வாசகி

பதில்:

அம்மா, முதலில் வியாழக்கிழமை விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் உங்கள் வீட்டுக்குக் குடிவரப் போகிறவர் இல்லை. சைபர் குற்ற வழக்குகளைப் பார்க்கும் வக்கீல் என்ற முறையில் இதே கதையைப் பல வாய்களில் கேட்டிருக்கிறேன். ஊர் மாறும், படை மாறும். சில சமயம் ராணுவம், சில சமயம் சி.ஐ.எஸ்.எஃப். மற்றபடி வசனம் கூட மாறாது. அவர் என்ன செய்யப் போகிறார் என்பதைப் பின்னால் வரிசையாகச் சொல்கிறேன்.

விளம்பரங்களை எடுக்க வேண்டாம். நம்பரை மட்டும் மாற்றுங்கள். நாலு பேருக்கு நம்பர் தெரிவதில் பெரிய ஆபத்து இல்லை. ஒரு காலத்தில் டெலிபோன் டைரக்டரியில் எல்லார் நம்பரும் முகவரியோடு அச்சாகியிருந்தது. இன்றைக்கு என்ன வித்தியாசம் என்றால், அந்தப் பத்து இலக்கத்தில்தான் உங்கள் வங்கிக் கணக்கு, ஆதார், வாட்ஸ்அப், கேஸ் புக்கிங் எல்லாம் தொங்குகின்றன. ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனில் ஏதாவது ஒரு யு.பி.ஐ. செயலியைத் திறந்து, பணம் அனுப்பும் இடத்தில் உங்கள் நம்பரைப் போடச் சொல்லுங்கள். உங்கள் நம்பரில் யு.பி.ஐ. இருந்தால், பணம் அனுப்பாமலே உங்கள் வங்கிக் கணக்கில் இருக்கும் பெயர் திரையில் வந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் போட்டிருக்கும் குடும்பப் படமும், எல்லாரும் பார்க்கலாம் என்று விட்டிருந்தால், அப்படியே தெரியும். அழைக்கிறவர் 'ஹலோ' சொல்வதற்கு முன்பே உங்கள் முழுப் பெயர், முகம், மகள் முகம் எல்லாம் அவர் கையில் இருக்கிறது.

அதனால் புதிதாக ஒரு சிம் வாங்குங்கள். உங்கள் ஆதாரிலேயே வாங்கலாம், தவறில்லை. இப்போதைய போன்களில் பெரும்பாலும் இரண்டு சிம் போட இடம் இருக்கும். இல்லாவிட்டால் பீரோவில் கிடக்கும் பழைய பட்டன் போன் போதும். இந்த நம்பரை வங்கியில் கொடுக்காதீர்கள், யு.பி.ஐ. செயலி எதிலும் போடாதீர்கள், ஆதாரில் பதிந்திருக்கும் பழைய நம்பரை எடுத்துவிட்டு இதைப் பதியாதீர்கள். வாட்ஸ்அப் மட்டும் தேவைப்படும். அதை இந்த நம்பரில் தனிக் கணக்காகத் திறந்து, படத்தின் இடத்தைக் காலியாக விட்டு, பெயர் இருக்கும் இடத்தில் 'உறையூர் மாடி வீடு' என்று எழுதிவிடுங்கள். இரட்டைச் சரிபார்ப்புக்கு ஆறு இலக்க எண் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு விளம்பரத்திலும் பழைய நம்பரை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்.

இரண்டுக்கும் சேர்த்து ஒரே புது நம்பர் போதுமா என்றால், போதாது என்பேன். வரனுக்கு உங்கள் அண்ணனோ தம்பியோ, மகளின் மாமா முறையில் ஒருவர் பேசுவதுதான் நம் பக்கத்து வழக்கமே. அவர் நம்பரை மேட்ரிமோனிக்குக் கொடுங்கள். அவரும் வங்கிக்குக் கொடுத்த நம்பரைத் தராமல், சும்மா கிடக்கும் சிம் ஒன்றைப் பயன்படுத்தட்டும். அப்புறம் உங்களுக்கு வரும் கால் எல்லாம் வீட்டுக்காகத்தான். யார் எதற்குக் கூப்பிடுகிறார் என்ற குழப்பமே பாதி ஏமாற்றுக்காரர்களுக்கு வசதி.

இந்த சிம்மை வைத்திருக்கும் வரை ரீசார்ஜ் செய்யுங்கள். 90 நாள் பயன்படுத்தாமல் கிடக்கும் சிம்மை, அதில் காசும் இல்லையென்றால், கம்பெனிக்காரர்கள் துண்டிக்கலாம். பிறகு அந்த எண் வேறு யாருக்காவது போய்விடும். வேலை முடிந்ததும் முதலில் விளம்பரத்தை எடுங்கள், அடுத்து அந்த நம்பரின் வாட்ஸ்அப் கணக்கை அழியுங்கள், அதற்குப் பிறகு சிம்மை விடுங்கள். வரிசை மாறினால், உங்கள் வீட்டுப் படங்களோடு இருக்கும் விளம்பரத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் நம்பர் நிற்கும்.

சரி, கால் வருகிறது. எடுத்ததும் என்ன பேசுவது?

விளம்பரம் கொடுத்த அன்றே, நமக்கு என்ன வேண்டும் என்பதை ஊருக்குச் சொல்லிவிட்டோம். வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, எத்தனை அறை, எல்லாம் அதில் இருக்கிறது. அழைக்கிறவர் அதை வாசித்துவிட்டு, நாம் எதிர்பார்க்கும் ஆளாகவே பேசுவார். நல்ல குடும்பம், குழந்தை ஒன்று, சைவம், அரசாங்க சம்பளம். அவர் தன்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்பதை வைத்து எடை போட முடியாது. அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். பிடி அங்கேதான் கிடைக்கும்.

நிஜமாகவே குடிவருகிறவருக்கு அந்த வீட்டில் வாழ்ந்தாக வேண்டும். தண்ணீர் காவிரியா, போரா, கோடையில் வருமா என்று கேட்பார். கரண்டுக்குத் தனி மீட்டரா, யூனிட்டுக்கு இவ்வளவு என்று கணக்கா என்று கேட்பார். வண்டி எங்கே நிறுத்துவது, மாடிக்குப் படி வெளியேவா உள்ளேவா, அசைவம் சமைக்கலாமா, அட்வான்ஸில் கொஞ்சம் குறைப்பீர்களா என்று இழுப்பார். பேரம் பேசாத குடித்தனக்காரரை நான் பார்த்ததில்லை. ஏமாற்றுக்காரருக்கோ வீடு வேண்டாம். அதனால் தண்ணீர் பற்றி வாயே திறக்க மாட்டார், வாடகையை ஒரு ரூபாய் குறைக்கச் சொல்ல மாட்டார். வீட்டில் யார் யார் இருக்கிறீர்கள், கூகுள் பே இருக்கிறதா, எந்த பாங்க், பக்கத்தில் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்றுதான் கேட்பார். உங்களோடு பேசிய சி.ஐ.எஸ்.எஃப். மனிதர் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டாரா என்று யோசித்துப் பாருங்கள்.

இனி அவர் செய்யப்போவது. என்னிடம் வந்த ஒருவருக்கு நடந்ததை அப்படியே சொல்கிறேன். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர், கணக்கு வாத்தியார் வேறு. கணக்குத் தெரியாமல் ஏமாந்தார் என்று சொல்லவே முடியாது. வாடகை 12,000, அட்வான்ஸ் 60,000 என்று போட்டிருந்தார்.

முதல் நாள் பேச்சு முழுக்க மரியாதை. கேட்காமலே வாட்ஸ்அப்பில் அடையாள அட்டை, ஆதார், சீருடையில் ஒரு படம், கேன்டீன் கார்டு என்று வந்து விழுந்தன. அந்தப் படத்தில் இருந்தவர் நிஜமான வீரராகவே இருக்கலாம். அவரும் எப்போதோ இதே ஆட்களிடம் ஆதாரைக் கொடுத்து ஏமாந்தவராக இருப்பார். இரண்டாம் நாள், 'எங்கள் துறையில் பணம் கணக்கு அலுவலகத்திலிருந்துதான் போகும், அந்த அதிகாரி பேசுவார்' என்று இன்னொருவர் லைனில் வந்தார். 'உங்கள் கணக்கு சரியா என்று பார்க்க ஒரு ரூபாய் அனுப்புங்கள், இரட்டிப்பாகத் திரும்பி வரும்' என்றார். வாத்தியார் ஒரு ரூபாய் அனுப்பினார். இரண்டு ரூபாய் வந்தது. அந்த இரண்டு ரூபாய்தான் அவர்கள் போட்ட மொத்த முதலீடு.

அடுத்து 60,000 ரூபாய்க்கு ஒரு கியூ.ஆர். படம் வந்தது. 'ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க சார், உங்க கணக்குல ஏறிடும்.' போட்டார். 60,000 போய்விட்டது. பதறிக் கேட்டபோது அந்த அதிகாரி கத்தவில்லை. 'அடடா, தப்பான பட்டனை அழுத்திட்டீங்க சார், பதறாதீங்க, ரிவர்ஸ் பண்ணிடலாம்' என்று ஆறுதல் சொல்லி 40,000க்கு இன்னொரு கியூ.ஆர். அனுப்பினார். அதையும் போட்டார். மூன்றாவதற்கும் தயாராக இருந்தார். அன்றைய யு.பி.ஐ. வரம்பான ஒரு லட்சம் முடிந்துவிட்டதால் பணம் போகவில்லை. வரம்பு காப்பாற்றியது, வாத்தியார் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவில்லை என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். முதல் தடவை சொன்னபோது சிரிக்கவில்லை.

எங்கே ஏமாந்தார் என்றால், கியூ.ஆர். படத்தில் பணம் வரும் வகை ஒன்று உண்டு என்று நம்பிய இடத்தில். அப்படி ஒரு வகையே இல்லை. அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்குள் இருப்பது ஒரே ஒரு வரி எழுத்துதான். விரித்துப் படித்தால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
upi://pay?pa=xxxx@bank&pn=Accounts%20Office&am=60000
```

`pay` என்றால் கொடு. `pa` யாருக்கு, `am` எவ்வளவு. `pn` என்ற இடத்தில் இருக்கும் பெயர் படத்தைத் தயாரித்தவர் தட்டச்சு செய்தது. என்ன வேண்டுமானாலும் எழுதலாம். பணம் வாங்குவதற்கு உங்கள் பக்கத்தில் ஸ்கேன் தேவையில்லை, பின் நம்பர் தேவையில்லை, போனைத் தொடக்கூட வேண்டியதில்லை. பின் நம்பரைக் கேட்கும் திரை வந்தால், பணம் வெளியே போகப்போகிறது என்று அர்த்தம். விதிவிலக்கு என்று பார்த்தால், இருப்பு எவ்வளவு என்று பார்ப்பதற்கும் அதே பின் கேட்கும். அதை யாரும் போனில் சொல்லி உங்களைச் செய்ய வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

பணத்தோடு முடிவதில்லை என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் உங்களிடமும் ஆவணம் கேட்பார். 'அக்ரிமென்ட் போட உங்க ஆதாரும், ஈ.பி. கார்டும், வீட்டு வரி ரசீதும் அனுப்புங்கம்மா' என்பார். அனுப்பினால், உங்கள் வீட்டுப் படங்களோடு அதையும் சேர்த்து வேறொரு தளத்தில் பாதி வாடகைக்கு விளம்பரம் போடலாம். இந்தத் தடவை வீட்டு ஓனர் அவர்தான். டோக்கன் அட்வான்ஸாக ஐயாயிரம், பத்தாயிரம் கட்டி ஏமாந்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் கேட்டில் வந்து நிற்பார்கள். அவர்கள் கையில் உங்கள் ஆதார் இருக்கும். நீங்கள்தான் திருடி என்று அவர்கள் நினைத்தால், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. இந்த மாதிரி ஒரு சண்டைக்காகக் காவல் நிலையத்தில் அரை நாள் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகவே விளம்பரத்தில் கதவு எண் வேண்டாம், தெருப் பெயர் போதும். வாசல் நிலைப்படியும் ஈ.பி. மீட்டர் நம்பரும் தெரியும் படங்களை எடுத்துவிடுங்கள். ஆவணம் எதையும் வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும் என்கிறது. எனவே வருகிறவர் ஒரு நாள் நேரில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். 'அக்ரிமென்ட் நேர்ல போடும்போது எல்லாம் காட்டுறேன்' என்று சொல்லிவிடுங்கள். நிஜமான ஆள் இதற்குக் கோபப்பட மாட்டார்.

வீடு பார்க்க வருகிறவருக்கு லொகேஷனையும் உடனே அனுப்பாதீர்கள். பகல் நேரம் ஒன்றைச் சொல்லி, தெருமுனை மளிகைக் கடைக்கு வரச்சொல்லுங்கள். அங்கிருந்து பக்கத்து வீட்டார் யாரையாவது விட்டுக் கூட்டிவாருங்கள். 'வீட்டில் ஆண்கள் யாரும் இல்லையா' என்று கேட்டால், 'அண்ணன்தான் இதெல்லாம் பார்க்கிறார், அவரும் இருப்பார்' என்று சொல்லுங்கள். பொய்தானே என்று உறுத்தினால், அந்த நேரத்துக்கு நிஜமாகவே அண்ணனை வரச்சொல்லிவிடுங்கள்.

இப்போது வரன் பக்கம். இங்கே பேச்சு மெதுவாக நடக்கும், மோசடியும் மெதுவாகத்தான் நடக்கும். அதனால் முதல் காலிலேயே ஆளைக் கண்டுபிடிக்க முயற்சி செய்ய வேண்டாம். முதல் காலில் எதைக் கொடுக்கக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தால் போதும்.

ஜாதகத்தை எடுத்துப் பாருங்கள். மஞ்சள் தடவிய அந்தத் தாளில் என்னென்ன இருக்கிறது? மகளின் பிறந்த தேதி, நேரம், பிறந்த ஊர், தகப்பன் பெயர், தாய் பெயர், தாத்தா பெயர் வரை. கீழே வீட்டு முகவரி, படிப்பு, கம்பெனி பெயர், சம்பளம். வங்கியின் கஸ்டமர் கேரில் ஆளைச் சரிபார்க்கக் கேட்கும் விவரங்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஒரே தாளில். இதைத்தான் முகம் தெரியாத ஒருவர் 'ஜாதகம் அனுப்புங்க' என்றதும் படம் எடுத்து அனுப்பிவிடுகிறோம். அது அதற்குப் பிறகு எத்தனை வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் என்று யாருக்கும் தெரியாது.

பத்துப் பொருத்தம் பார்க்க நட்சத்திரம், பாதம், ராசி இருந்தால் போதும். முதல் காலுக்கு அதை மட்டும் சொல்லுங்கள். பொருத்தம் இருக்கிறது என்றால் ராசிக் கட்டம், நவாம்சக் கட்டம் இரண்டையும் மட்டும் தனியாக எழுதி அனுப்புங்கள், பெயரும் தேதியும் இல்லாமல். (கட்டத்தைப் பார்த்தே பிறந்த நாளைக் கண்டுபிடித்துவிடும் ஜோசியர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு கெட்டிக்காரர் மோசடிக்கு வர மாட்டார் என்று வைத்துக்கொள்வோம்.) முழு ஜாதகம், முகவரி, கம்பெனி பெயர் எல்லாம் இரண்டு வீட்டாரும் நேரில் பார்த்த பிறகு கைமாறட்டும். உங்கள் பக்கத்து ஜோசியருக்கு முழு விவரமும் தெரியும் அல்லவா, சந்தேகம் இருந்தால் அவர்களே அவரிடம் வரட்டும்.

முதல் காலில் உங்கள் அண்ணன் கேட்க வேண்டியவை நாலுதான். பேசுகிறவர் பையனுக்கு என்ன உறவு, பூர்வீகம் எந்த ஊர், அந்தத் தளத்தில் பையனின் பதிவு எண் என்ன, உள்ளூரில் அவர்களைத் தெரிந்த ஒருவர் பெயர். கேட்டு எழுதிக்கொண்டு, 'பார்த்துட்டு நாங்களே கூப்பிடுறோம்' என்று வைத்துவிடட்டும். பிறகு அந்தப் பதிவு எண்ணைத் தளத்தில் போட்டுப் பார்த்து, அதில் இருக்கும் நம்பருக்குத்தான் கூப்பிட வேண்டும், வந்த நம்பருக்கு அல்ல. மேட்ரிமோனி தளங்கள் பதிவு செய்கிறவர்களிடம் அடையாளச் சான்று வாங்க வேண்டும் என்று 2016இல் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனாலும் 'வெரிஃபைடு' என்ற பச்சைக் குறி வேலை, சம்பளம், ஏற்கெனவே கல்யாணம் ஆகவில்லை என்பதற்கெல்லாம் உத்தரவாதம் ஆகாது.

நிஜமான சம்பந்தம் பேசுகிறவர்களுக்கும் ஒரு சுபாவம் உண்டு. பூர்வீகத்தைச் சொன்னதும், 'அந்த ஊர்ல பெருமாள் கோயில் தெரு இன்னாரைத் தெரியுமா' என்று உறவு தேடுவார்கள். குலதெய்வம் எது என்பார்கள். எத்தனை பேர் உடன்பிறந்தவர்கள், மூத்தவளை எங்கே கொடுத்திருக்கிறீர்கள் என்பார்கள். சில நேரம் எரிச்சலாகக்கூட இருக்கும். நடிக்கிறவரால் இதில் நீந்த முடியாது. 'அம்மா அப்பா இல்லை, சித்தப்பா வெளிநாட்டில்' என்று உறவுகளையெல்லாம் எட்டாத இடத்தில் வைத்துவிட்டு, பெண்ணிடம் நேராகப் பேசத் துடிப்பார்.

அதனால்தான் மகள் நம்பரைக் கேட்கிறவர்களைப் பற்றி யோசிக்கச் சொல்கிறேன். அவர்கள் எல்லாருமே மோசம் என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் பேசிப் பார்க்கட்டும் என்று நினைக்கும் நல்ல குடும்பங்கள் இன்று நிறைய. ஆனால் வரிசை முக்கியம். முதலில் பையனின் அம்மா அப்பாவோடு உங்கள் அண்ணன் வீடியோ காலில் ஐந்து நிமிஷம் பேசட்டும். அடுத்து உள்ளூர்க்காரர் ஒருவர் மூலம் விசாரிப்பு. அதற்கும் பிறகு பிள்ளைகள் பேசலாம், அதுவும் முதல் தடவை அண்ணனின் அந்த நம்பரில் குழு வீடியோ காலாக. மகளின் சொந்த நம்பர், அவள் தங்கியிருக்கும் விடுதி, அலுவலகம், பஸ் ரூட் எதுவும் இந்தக் கட்டத்தில் போகக்கூடாது. இதைச் சொன்னதும் அந்த வீட்டார் 'எங்களை நம்பலையா' என்று முறுக்கினால் விட்டுவிடுங்கள். முதல் காலிலேயே அவசரப்படுத்தும் சம்பந்தம் நல்லதாகவே இருந்தாலும், அவசரப்பட்டு முடிக்க வேண்டிய காரியம் இல்லை இது.

வெளிநாட்டு வரன் என்று வந்தால் வேறு நாடகம் உண்டு. கொஞ்ச நாள் பேச்சு, பிறகு பரிசுப் பார்சல் டெல்லி கஸ்டம்ஸில் மாட்டியிருக்கிறது என்று ஒரு பெண் குரல், கட்டணம் கட்டச் சொல்லி ஒரு தனிநபர் கணக்கு எண். சமீபமாகப் பார்சலுக்குப் பதில், 'இந்தச் செயலியில் பணம் போடு, நம் கல்யாணச் செலவுக்கு ஆகும்' என்று முதலீடு. கஸ்டம்ஸ் அலுவலகம் தனிநபர் கணக்குக்குப் பணம் கேட்பதில்லை. இன்னொரு வகை, உங்கள் நம்பரைப் பார்த்துவிட்டு, 'மேட்ரிமோனி ஆபீஸ்ல இருந்து பேசுறோம், பொருத்தமான டாக்டர் வரன் இருக்கு, 3,500 கட்டினா நம்பர் தர்றோம்' என்பார்கள். அழகான படம் ஒன்றும் வரும். கட்டிய பிறகு கொடுக்கும் நம்பர் ஒன்று எடுக்காது, இல்லை 'எங்களுக்கு முடிஞ்சுடுச்சு' என்று சொல்லும். அதற்காக ஒரு ஆளை உட்கார்த்தி வைத்திருப்பார்கள்.

ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கூப்பிடுகிறவர்கள், படம் கேட்கிறவர்கள் வந்தால் திட்டி வைத்துவிட்டு பிளாக் செய்வதுதான் எல்லாரும் செய்வது. அதற்கு முன் ஒரு வேலை பாக்கி. 'உங்களோடு பேச விருப்பமில்லை, இனி அழைக்காதீர்கள்' என்று ஒரே ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா 78ஆவது பிரிவு, ஒரு பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் விடாமல் தொடர்பு கொள்ளும் ஆணைத்தான் குற்றவாளியாக்குகிறது. அந்தத் தெளிவான மறுப்புக்குச் சாட்சி அந்தக் குறுஞ்செய்தி. பிறகு வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டாலும் வழக்கு வலுவாக நிற்கும்.

என்ன எச்சரிக்கையாக இருந்தும் பணம் போய்விட்டால், அதிர்ச்சியில் உட்கார்ந்திருக்காமல் உடனே சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930க்கு அடியுங்கள். தலைமை ஆசிரியர் மறுநாள் காலையில்தான் அடித்தார். வெட்கம், மகனுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம். 1930இல் புகார் பதிந்ததும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போய், அந்தக் கணக்கில் மிச்சம் இருப்பதை நிறுத்தி வைப்பார்கள். திருட்டுப் பணம் ஒரு கணக்கில் தங்காது, கொஞ்ச நேரத்தில் நாலைந்து கணக்குகளுக்குப் பிரிந்து ஏ.டி.எம்.மில் எடுக்கப்பட்டுவிடும். ஆசிரியரின் ஒரு லட்சத்தில் நிறுத்தி வைக்க முடிந்தது 7,000 சொச்சம்தான். புகாருக்குத் தேவை, பணம் போன நேரம், தொகை, பரிவர்த்தனை விவரத்தில் இருக்கும் 12 இலக்க எண். பிறகு cybercrime.gov.in தளத்திலும் புகாரை முழுமையாகப் பதிய வேண்டும். பணம் போகவில்லை, ஆள் மட்டும் சந்தேகம் என்றால் sancharsaathi.gov.in தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதியில் அந்த நம்பரைத் தெரிவிக்கலாம்.

வியாழக்கிழமை அவர் கூப்பிட்டால் எடுங்கள். நீண்ட பேச்சு வேண்டாம். 'அட்வான்ஸ் பணமா வேண்டாம், டிமாண்ட் டிராஃப்ட்டா எடுத்துக்கிட்டு நேர்ல வாங்க, என் அண்ணன் ஏர்போர்ட் பக்கம்தான் இருக்கார், உங்க யூனிட்டுக்கே வந்து உங்களைப் பார்த்து வீட்டுக்குக் கூட்டிவருவார்' என்று சொல்லுங்கள். அதற்கு அவர் என்ன காரணம் சொல்கிறார் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அந்த நம்பரைச் சக்ஷுவில் தெரிவித்துவிட்டு, புது சிம் வாங்கக் கிளம்புங்கள். ஆதார் அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள், கைரேகை வைக்கச் சொல்வார்கள். ஒரே சிம்முக்கு இரண்டு தடவை ரேகை கேட்டால், முதல் தடவை ஏன் விழவில்லை என்று திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். உங்கள் பெயரில் இன்னொரு சிம் எடுத்துக்கொள்கிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். உங்கள் பெயரில் எத்தனை நம்பர் ஓடுகிறது என்பதை அதே சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். பத்து நாள் கழித்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.